ஆடிக்காற்று எந்தப் பக்கம் புகையைத் தள்ளும்?

பல்லடம் பக்கம் வீட்டு மனை தேடியபோது, அருகில் ஓர் அரிசி ஆலை இருந்தது. உமி எரிக்கும் பாய்லர், அதன் புகைக்கூண்டு. கூண்டைச் சுற்றி மூன்று மனைகள் விலைக்கு இருந்தன: ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று தென்கிழக்கே.

காற்று ரோஜாப் படம் பார்த்து முடிவெடுக்க நினைத்தேன். பக்கத்தில் நெடுநாள் பதிவுள்ள இடம் கோவை விமான நிலையம். அதன் VOCB என்ற குறியீட்டைக் கொடுத்தால், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் mesonet.agron.iastate.edu தளத்தில் படம் கிடைக்கிறது. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் இதழ்கள். இதழ் எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிக நேரம் அந்தத் திசையில் காற்று வீசியிருக்கிறது. நிறப் பட்டைகள் வேகத்தைக் காட்டும்.

மேற்கு, தென்மேற்கு இதழ்கள் மிக நீளமாக இருந்தன. புகையும் அந்தப் பக்கமே போகும் என்று எடுத்துக்கொண்டு, கிழக்கு மனைக்கு முன்பணம் கொடுக்கத் தயாரானேன். அம்மாதான் நிறுத்தினார். "மேல்காற்று அடிச்சா புகை கிழக்கதான வரும்?"

அதுதான் சரி. இதழ் நீண்டிருப்பது காற்று புறப்படும் திசையில். நம் பேச்சும் அப்படித்தான்: வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் காற்று, புகையை நேராகக் கிழக்கு மனைமேல் கொட்டியிருக்கும்.

அப்படியானால் மேற்கு மனை போதுமே என்று தோன்றியது. ஆனால் நான் பார்த்தது ஆண்டு முழுவதற்குமான படம். ஆடிக்காற்றின் பலத்தில் மற்ற மாதங்கள் அதில் அமுங்கிப்போகும். டிசம்பர், ஜனவரியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். வடகிழக்கு, கிழக்கு இதழ்கள் எழுந்து நின்றன. அந்த இரண்டு மாதமும் புகை மேற்கு மனைக்குத்தான். தென்கிழக்கு மனைக்குப் புகை வர வடமேற்குக் காற்று வேண்டும். இரண்டு படங்களிலும் அந்த இதழ் குட்டைதான்.

இருந்தாலும் உடனே வாங்கவில்லை. விமான நிலையம் எங்களுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, திறந்த வெளியில் இருக்கிறது. இங்கே தென்னந்தோப்பும் கட்டடங்களும் காற்றைத் திருப்பலாம். மனையில் உயரமான மூங்கில் நட்டு, துணி நாடா கட்டி, சில வாரம் காலை மாலை குறித்து வந்தேன். பெரும்பாலும் படத்தோடு ஒத்துப்போனது.

ஒத்துப்போகாதது ஜனவரி விடியற்காலை. நாடா அசையவே இல்லை. புகை மேலே ஏறாமல் கூண்டைச் சுற்றித் தாழ்வாகப் படர்ந்து, தென்கிழக்கு மனைக்கும் வந்தது. அப்புறம்தான் படத்தின் நடுவட்டத்தைக் கவனித்தேன். காற்றே இல்லாத நேரத்தின் சதவீதம் அங்கேதான் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குத் திசை கிடையாது, ஆகவே எந்த இதழிலும் அது சேராது.

தென்கிழக்கு மனையைத்தான் வாங்கினோம். படுக்கையறை ஜன்னல்களை ஆலைக்கு எதிர்ப்புறம் வைத்திருக்கிறோம். மார்கழி, தையில் காலை எட்டு மணிக்குமேல் நாடா அசைந்த பிறகுதான் மற்ற ஜன்னல்களைத் திறக்கிறோம்.