வட்ட அரங்கமும் மூன்று மில்லிமீட்டர் மனிதர்களும்

கட்டடக்கலை நுழைவுத் தேர்வின் வரைதல் தாளில் எனக்கு வந்த கேள்வி ஒரே வரிதான்: போட்டி தொடங்குவதற்கு முன், எதிரே உள்ள திறந்த வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் விளையாட்டரங்கின் வெளித்தோற்றத்தை வரைக. ஏ3 தாள், பென்சில் மட்டும். இந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இத்தகைய கேள்வி எப்போதாவது வரத்தான் செய்யும். அதில் எனக்குக் கைகொடுத்த கணக்கை இங்கே எழுதுகிறேன். அழகாகக் கோடு போடுவது எப்படி என்பதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்பில் பார்த்த பெரும்பாலான அரங்குகள் ஒரே மாதிரிதான் கெட்டுப்போயிருந்தன. தூண்கள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சம இடைவெளியில் நிற்கும். அதனால் வட்டச் சுவர் தட்டையான பலகையாகிவிடும். இல்லையென்றால் கூரை விளிம்பு எவ்வளவு வளைகிறதோ அதே அளவு தரைக்கோடும் கீழ்நோக்கித் தொங்கும். அரங்கம் கிண்ணம்போல உருளத் தயாராக நிற்கும். மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசலை விட உயரமான ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்.

இவை மூன்றும் தனித்தனிப் பிழைகள்போலத் தோன்றினாலும், ஒரு தரைப்படம் போட்டால் மூன்றும் சேர்ந்து சரியாகின்றன. அரங்கத்தின் ஆரம் 100 மீட்டர், உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் அதன் முன்சுவரிலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்கிறோம். சுற்றிலும் 36 கட்டங்கள், அதாவது 10 பாகைக்கு ஒரு பெருந்தூண். கரட்டுத்தாளில் வட்டத்தை வரைந்து, நாம் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். வட்டத்தை நமக்கு மிக அருகில் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோட்டையும் போடுங்கள். நம் புள்ளியிலிருந்து ஒவ்வொரு தூணுக்கும் கோடு இழுத்தால், அது அந்த நேர்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அதுதான் படத்தில் அந்தத் தூணின் இடம்.

வெட்டுப்புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள், நடுத்தூணிலிருந்து ஒரு பக்கமாகப் போகும்போது, ஏறக்குறைய 17, 16, 14, 11, 7, 4, 1 மீட்டர் என்று வருகின்றன. இந்த எண்களை நான் மனப்பாடமே செய்துவைத்திருந்தேன். கவனித்துப் பாருங்கள், முதல் மூன்று கட்டங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கம் எல்லாம் கடைசி மூன்றில்தான். முதல் கட்டத்திலிருந்தே சீராகக் குறைத்துக்கொண்டு வருவது பலர் செய்வது. அப்படிச் செய்தால் நடுப்பகுதி மூக்குபோல முன்னே துருத்தி நிற்கும். ஏழாவது கட்டத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. வட்டமான கட்டடத்தில் பாதிச் சுற்றை நாம் ஒருபோதும் பார்ப்பதில்லை. இந்தத் தூரத்திலிருந்து 36 கட்டங்களில் 14 மட்டுமே கண்ணில் படும். அரங்கத்தை இன்னும் நெருங்கி, 100 மீட்டரில் நின்றால் 12 ஆகிவிடும். நுழைவாயிலில் நிற்பதுபோல வரைந்துவிட்டு இருபது தூண்களை அடுக்கியிருந்தால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

இனி உயரம். ஒரு மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்று எடுத்தால் அரங்கின் அகலம் 28 சென்டிமீட்டர். ஏ3 தாளில் இருபுறமும் காற்றாட இடம் கிடைக்கும். முன்சுவர் 80 மில்லிமீட்டர் உயரம். ஓரங்கள் நம்மிடமிருந்து தள்ளிப் போவதால் அங்கே உயரம் முக்கால் பங்காகி, 60 மில்லிமீட்டராகத் தெரியும். இந்த 20 மில்லிமீட்டர் குறைவு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நின்று பார்ப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். படத்தில் அது நடுத்தூணின் அடியிலிருந்து வெறும் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. எல்லாக் கோடுகளும் கண்மட்டத்தை நோக்கித்தான் சுருங்குகின்றன. கூரை அதற்கு மேலே 77 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால் ஓரத்தில் 19 மில்லிமீட்டர் இறங்குகிறது. தரையோ கண்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறுவதில்லை. ஆக, கூரைக்கு நல்ல வளைவு. தரைக்கோடு கிட்டத்தட்ட அளவுகோல் வைத்துப் போட்ட நேர்கோடு. இடையில் உள்ள தளங்களின் விளிம்புகள் மேலே போகப்போக வளைவு கூடிக்கொண்டே போகும். தூண்களை நிறுத்துவதற்கு முன்பே இந்த வளைவுகளை லேசாகப் போட்டுவிடுவது நல்லது.

கூட்டத்துக்கு வருவோம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் சுவரடியில் 3.4 மில்லிமீட்டர். அவர் தலை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கூரான பென்சில் முனையை ஒருமுறை வைத்து எடுத்தால் போதும். அதன் கீழே தோளில் சற்று அகன்று பாதத்தை நோக்கி ஒடுங்கும் ஒரே இழுப்பு. கையும் காலும் பிரித்து வரைந்தால் அந்த ஆள் பொம்மையாகிவிடுவார். தலையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் குழந்தையாகிவிடுவார். பக்கத்தில் உள்ள சுவரும் கூடவே சுருங்கிவிடும்.

சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய தலையும் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் கண்மட்டக் கோட்டில்தான் வரும். பாதங்கள்தான் இடம் மாறும். 100 மீட்டரில் நிற்பவர் இரண்டு மடங்கு, ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 50 மீட்டரில் நிற்பவர் 14 மில்லிமீட்டர். தலைகள் மட்டும் ஒரே மட்டம். ஆள் உயரங்களில் உள்ள வித்தியாசத்தால் தலைவரிசை லேசாகப் பிசிறடிக்குமே தவிர, அலைபோல ஏறி இறங்காது. குழந்தைகளின் தலை கீழே, படிக்கட்டில் ஏறியவர்களின் தலை மேலே. இந்த இரண்டு விலக்குகளையும் ஆங்காங்கே சேர்த்தால் வரிசை செயற்கையாகத் தோன்றாது.

இன்னொரு கணக்கு எனக்கே வியப்பாக இருந்தது. நமக்கும் சுவருக்கும் இடையிலான வெளியில் பின்பாதி, அதாவது முழுதாக 100 மீட்டர் ஆழம், படத்தில் வெறும் 3 மில்லிமீட்டர் பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. பல்லாயிரம் பேர் நின்றாலும் அங்கே தனித்தனி ஆட்கள் தெரியமாட்டார்கள். ஒருவர் மேல் ஒருவராக மறைந்து, கண்மட்டத்திலிருந்து கீழே ஒரு கருமையான பட்டைதான் தெரியும். எனவே அந்தப் பட்டையை முதலில் மென்மையாக நிழலிட்டு, மேல்விளிம்பில் தலைப்புள்ளிகளையும் கீழ்விளிம்பில் சில பாதங்களையும் மட்டும் தெரியவிடுங்கள். வாசல்களின் முன்னால் அடர்த்தி கூட்டுங்கள். இரு வாசல்களுக்கு நடுவே வெள்ளையை விட்டுவையுங்கள். கூட்டத்தைத் தரையெங்கும் சமமாகத் தூவினால் மேலிருந்து பார்த்ததுபோல ஆகிவிடும்.

மேல்தளத் தாழ்வாரங்களிலும் ஆட்கள் வேண்டும் என்றால் கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிவதை மட்டும் போடுங்கள். சுவர் 1.1 மீட்டர் என்றால் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். தாளில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாம் கீழிருந்து பார்ப்பதால் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி நிற்பவர்கள் இன்னும் குறைவாகவே தெரிவார்கள்.

முடித்ததும் வாசலை அளந்து பாருங்கள். 5 மீட்டர் வாசல் என்றால் 10 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்று ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக நிற்க இடம் இருக்க வேண்டும். முன்சுவரின் முழு உயரத்துக்கு இருபத்து மூன்றரை ஆள். இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் கூட்டத்தை அழித்து வரையுங்கள், கட்டடத்தைத் தொடாதீர்கள். மூன்று மில்லிமீட்டர் ஆட்களைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். தூண்களைத் திருத்தத் தேர்வு நேரம் போதாது.