சன்னலில் வைத்த போர்ட்டல்

உள்ளறைக் காட்சிகளைக் கணினியில் படமாக ரெண்டர் செய்யும் பணியில் சேர்ந்த புதிதில், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிடும் ஒளிக்கதிர் மாதிரிகளான சாம்பிள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றே எனக்குத் தெரிந்த வழி. புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். ஒரு வரவேற்பறைப் படம் இரவு முழுவதும் ஓடியும், சன்னலுக்கு எதிர்ச்சுவர் காலையில் கரகரப்பாகவே இருந்தது.

கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த அறைக்கு ஒரே சன்னல், அகலம் 1.5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். 4 மீட்டர் தள்ளியுள்ள அந்தச் சுவரின் ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால், எதிரே விரியும் அரைக்கோளத்தில் சன்னல் பிடிக்கும் இடம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நான் பயன்படுத்தும் முப்பரிமாண மென்பொருள் பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸ் வானத்தில் ஒரு திசையைத் தேர்ந்து கதிர் அனுப்பும்போது, அறையின் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பெரும்பாலான கதிர்கள் சுவரில் மோதி வீணாக, சன்னல் வழியே தப்பிய ஒன்றிரண்டு மட்டுமே ஒளியைச் சேர்க்கின்றன.

சன்னல் அளவுக்கே ஓர் ஏரியா லைட்டை அங்கு வைத்து, அதன் Portal என்ற தேர்வை இட்டால், அந்த விளக்கு தானாக ஒளி தராது. எந்தத் திசையில் வானம் தெரியும் என்று மட்டும் வழிகாட்டும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் சற்று நேரம் கூடும், ஆனால் தேவைப்படும் சாம்பிள்கள் வெகுவாகக் குறையும். முதல் முயற்சியில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. விளக்கின் திசைக்கோடு வெளியே நீண்டிருந்தது. போர்ட்டல் தன் முன்புறத்தில் உள்ள பரப்புகளுக்கு மட்டுமே உதவும். திருப்பி வைத்த பிறகும் பலனில்லை, ஏனெனில் ஒளிக்கு வழி இருக்கிறதா என்று சோதிக்க அனுப்பப்படும் நிழற்கதிர்களைச் சன்னலில் இருந்த கண்ணாடி தடுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மெட்டீரியலில் Is Shadow Ray வழியாக Transparent சேடரைக் கலந்த பின்னரே சுவர் தெளிந்தது. மெல்லிய திரைச்சீலை தொங்கும் சன்னல்களில் போர்ட்டலைத் துணிக்கு வெளிப்புறம் வைப்பதை அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன். உட்புறம் வைத்தால் துணி போர்ட்டலின் முதுகுப் பக்கம் போய்விடும்.

சூரியனை மட்டும் போர்ட்டலிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. போர்ட்டல் சன்னல் பரப்பில் எல்லா இடத்தையும் சமமாகவே தேர்கிறது. அரைப் பாகை அகலமே உள்ள சூரிய வட்டு எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. சைக்கிள்ஸ் சூரியனைத் தனி முறையிலும் தேடுகிறது, ஆனால் சாம்பிள்கள் அங்குமிங்குமாகப் பங்கிடப்படும். எனவே வான டெக்ஸ்சரில் Sun Disc தேர்வை நீக்கி, தனியாக ஒரு சன் லைட் வைக்கிறேன்; தரையில் விழும் வெயில் கட்டம் கூர்மையாக வருகிறது.

அந்த வெயில் கட்டத்திலிருந்து எழும்பிக் கூரையில் படும் ஒளிக்குப் போர்ட்டலால் உதவ முடியாது. எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கூரையில் மட்டும் புள்ளிகள் மிஞ்சினால், நான் சன்னலை விட்டுவிட்டு அந்த வெயில் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.