தறி பிட்டரை சி.என்.சி. மெஷினுக்கு எடுத்த கதை

கோவை கணபதி பக்கம் பம்ப் ஷாஃப்ட் கடைந்து தரும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் புரொடக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஆள் பஞ்சம் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கைதேர்ந்தவர்கள் பெரிய கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்கள். போன முறை ஒரே சமயத்தில், மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் நைட் ஷிப்ட் செட்டரும் பகல் ஆபரேட்டர் ஒருவரும் போய்விட்டார்கள்.

இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆள் தேடக் கூடாது என்பதில் முதலாளியும் நானும் ஒத்துப்போனோம். நைட் செட்டர் தனியாக நிற்பவர். டூல் கோஆர்டினேட் தப்பாக ஏற்றினால் டூலைத் தாங்கும் டர்ரெட் போய், பீஸைப் பிடிக்கும் சக்கில் மோதும். கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே அனுபவம்தான், குணத்தைப் பார்த்து எடுப்பதற்கில்லை. பகல் ஆபரேட்டர் கதை வேறு. செட் பண்ணின மெஷினில் பீஸ் மாட்டிக் கழற்றணும், அளக்கணும், டூல் தேயத் தேய ஆப்செட் திருத்தணும். தப்பு நடந்தால் ஒரு பீஸ், இரண்டு பீஸ் போகும். பத்தடி தூரத்தில் நான் இருப்பேன். அந்த இடத்துக்குத்தான் கற்றுக்கொடுத்து எடுக்கலாம் என்று முடிவு.

வந்தவர்களில் இரண்டு பேர் கடைசி வரை நின்றார்கள். ஒருவர் டிப்ளமோ முடித்த பையன். முதலாளியின் சொந்தக்காரர் சிபாரிசு, 'நம்ம பையன்ங்க, தங்கமானவன்' என்று. இன்னொருவர் சோமனூரில் விசைத்தறி பிட்டராக இருந்தவர், முப்பது வயதிருக்கும். தறி ஓட்டம் குறைந்துபோனதால் வேறு வேலை தேடி வந்தவர். சி.என்.சி. மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை என்றார்.

பேச்சை வைத்துப் பார்த்திருந்தால் பையன்தான். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். எது கேட்டாலும் "கத்துக்குவேன்ங்க சார்" என்றான். நம்ம ஊரில் யார்தான் இன்டர்வியூவில் பணிவாகப் பேசுவதில்லை? அதனால் நான் அந்த மார்க்கைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இருபது நிமிஷம் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்து, உடனே செய்யச் சொல்லிப் பார்ப்பேன்.

கற்றுக்கொடுத்தது 25 முதல் 50 மில்லி வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி. 25 மில்லி ஸ்டாண்டர்டை வைத்து ஜீரோ பார்ப்பது, பீஸைத் துடைப்பது, ராட்செட்டைத் திருப்பி நிறுத்துவது, அப்புறம் ரீடிங். இதில் புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. கையால் சுற்றும் திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லி நகரும். அதனால் 25.22-க்கும் 25.72-க்கும் திம்பிளில் ஒரே 22தான் தெரியும். வித்தியாசம், சுற்றாத பேரலில் அந்த அரை மில்லிக் கோடு வெளியே வந்திருக்கிறதா என்பது மட்டும். இதைக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா" என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோருக்கும் புரிந்துதான் இருக்கும். "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்பேன்.

அப்புறம் ஆறு பீஸ். கிரைண்டிங்குக்கு முந்தின கடைசல் அளவு, 25.20 முதல் 25.25 வரை இருக்கலாம். நான்கு சரியான பீஸ். ஒன்று 25.18. இன்னொன்று வேண்டுமென்றே வைத்த 25.72. அளந்து எழுதி, ஓகே அல்லது ரிஜெக்ட் போடணும். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்.

இருவரும் 25.18-ஐப் பிடித்தார்கள். இருவருமே 25.72-ஐ 25.22 என்று எழுதி ஓகே போட்டார்கள். இதுவரை இருவருக்கும் ஒரே மார்க். முதல் தடவை தப்பு விடுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் காத்திருப்பது திருத்தம் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதற்குத்தான்.

பையனிடம் அந்தப் பீஸைக் கொடுத்து அரை மில்லிக் கோட்டைக் காட்டினேன். "சாரிங்க சார், கவனிக்கலைங்க" என்று அதை அடித்துவிட்டு 25.72, ரிஜெக்ட் என்று எழுதினான். பேப்பரை என்னிடம் நீட்டிவிட்டான்.

பிட்டரிடமும் அதையே சொன்னேன். அவர் சாரி எதுவும் சொல்லவில்லை. மைக்ரோமீட்டரைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப மத்த அஞ்சும் இதே மாதிரி தப்பாப் பார்த்திருப்பேனுங்களே" என்று, நான் சொல்லாமலே எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வைத்தார். மேஜையில் வெர்னியர் கிடந்தது. "இதுல மொதல்ல ஒருக்கா பார்த்துட்டு மைக்கைப் போட்டா அரை மில்லி ஏமாத்தாதுங்களே?" என்றார். ஏமாற்றாது. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம், ஆனால் அதை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

தறி வேலையைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதிலும் இதனோடு ஒட்டியே இருந்தது. பாவு நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தேன். நிறுத்தி நூலை முடிவது எல்லோரும் சொல்வது. இவர், துணியைப் பின்னால் பிரித்து எங்கிருந்து கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்து அடையாளம் போட்ட பிறகுதான் தறியைத் தட்டுவேன் என்றார். அளவு எகிறினால் எந்தப் பீஸிலிருந்து எகிறியது என்று பின்னோக்கித் தேடுவதுதான் ஆபரேட்டர் வேலையில் பாதி. மீதியை நான் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் தீர, ஆப்செட் கணக்கையும் பேப்பரில் போட்டுப் பார்த்தோம். மெஷினை இயக்கும் பானுக் கன்ட்ரோலில், டூல் தேய்மானத்துக்காகப் போடும் வியர் ஆப்செட்டில் ஏற்கனவே -0.10 இருக்கிறது. பீஸ் 25.28 வருகிறது, 25.22 வேண்டும். `-0.06` அடித்து `+INPUT` அழுத்தினால் இருப்பதோடு சேர்ந்து -0.16 ஆகும், அளவு சரியாகிவிடும். வெறும் `INPUT` அழுத்தினால் பழையது அழிந்து -0.06 மட்டும் நிற்கும், அடுத்த பீஸ் 25.32-க்குப் போய்விடும். பையன் கணக்கைச் சட்டென்று போட்டுவிட்டான், டிப்ளமோ ஆச்சே. பிட்டர் இரண்டு தடவை தடுமாறினார். போட்டு முடித்ததும் கேட்டார்: "பெருசாப் போனா மறுக்கா கடைஞ்சுக்கலாம். சிறுசாப் போனா காயலான்தானுங்களே? அப்ப சந்தேகமா இருந்தா கம்மியாத்தானே தள்ளோணும்?"

பிட்டரை எடுத்தோம். சொந்தக்காரருக்கு முதலாளி என்ன சமாதானம் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பையனும் மோசமில்லை; டிராயிங் படிக்கும் வேகத்துக்கு டிசைன் பக்கம் போனால் நன்றாக வருவான் என்று அவனிடமே சொன்னேன்.

முதல் சில வாரம் பிட்டர் ரொம்ப மெதுவு. மற்றவர்கள் அஞ்சு பீஸுக்கு ஒன்று அளக்கும் இடத்தில் இவர் ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருந்தார். வேகம் பிறகு தானாக வந்தது. கூலன்ட் பட்டுக் கையில் அரிப்பு வந்ததும் கடைந்த விளிம்பில் நிற்கும் பர் கிழித்ததும் கணக்கில் வராத சங்கடங்கள். இப்போது வியர் ஆப்செட் அவரே போடுகிறார். புரோகிராமைத் தொட விடுவதில்லை, செட்டிங்கும் இன்னும் தரவில்லை. தர ரொம்ப நாள் ஆகும். நைட் செட்டருக்கு பானுக் தெரிந்த ஆளை, கேட்ட சம்பளத்துக்கே எடுத்தோம்.

இந்த ஆறு பீஸ் சோதனை, ஆரம்பத்தில் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வார் என்பதைச் சொல்லும். வேலையில் நிலைப்பாரா என்று சொல்லாது. அதற்கு நான் பஸ் நேரம்தான் கேட்கிறேன். சோமனூரிலிருந்து காலை ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், வீட்டில் யார் யார், ஓவர்டைம் இருந்தால் திரும்பிப் போக வண்டி இருக்கிறதா என்று. அவருக்கு வண்டி இல்லை. அதனால் ஓவர்டைமுக்கு அவர் பெயரைப் போடுவதில்லை.