'ஹவெவர்' என்ற சொல்லுக்குக் காது கொடுத்த கதை

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். சார் ஆங்கிலத்தில் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட வேண்டும் என்பதுதான் முதல் செமஸ்டரில் என் ஒரே குறி. அது தப்பு என்று, அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையை நடத்திய வகுப்பில்தான் புரிந்தது.

போர்டில் N₂ + 3H₂ ⇌ 2NH₃ என்று எழுதிவிட்டு, இது எக்சோதெர்மிக், அதனால் வெப்பநிலையைக் குறைத்தால் அம்மோனியா கூடும் என்றார். அதை முழு வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லின் ஸ்பெல்லிங்கில் தடுமாறி நிமிர்ந்தபோது அவர் அழுத்தத்துக்குப் போயிருந்தார். அடுத்த தேர்வில், 'அப்படியானால் தொழிற்சாலையில் ஏன் 450°C அளவில் வைக்கிறார்கள்?' என்று கேள்வி. என் நோட்டில் பதில் இல்லை.

தோழியின் நோட்டைப் பார்த்தேன். 'T↓ → NH₃↑, ஆனா ஸ்லோ! அதான் 450' என்று ஒரே வரி. நான் குனிந்திருந்த அந்தச் சில நொடிகளில், 'ஹவெவர்' என்று தொடங்கி, குறைந்த வெப்பநிலையில் வினை மிக மெதுவாக நடக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். பாடத்தின் உயிரே அந்த 'ஆனால்'தான்.

அதற்குப் பிறகு முழு வாக்கியம் எழுதுவதை நிறுத்தினேன். அவர் பேசும்போது கேட்பேன். மூச்சு வாங்கும்போதோ போர்டைத் துடைக்கும்போதோ அம்புக்குறியோடு நாலு சொல் எழுதுவேன். 'பட்', 'ஹவெவர்', 'இன் பிராக்டிஸ்' காதில் விழுந்தால் பேனா தானாக நின்றுவிடும். ஸ்பெல்லிங் தெரியாத சொல்லைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதி வட்டம் போடுவேன். வகுப்பிலேயே தமிழாக்கம் செய்யவும் ஒருமுறை முயன்றேன். சரியான தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்குள் இரண்டு வாக்கியம் போய்விட்டது.

உண்மையில் பாதிப் பாடம் எனக்குத் தெரிந்ததுதான். எக்சோதெர்மிக் என்பது பள்ளியில் படித்த வெப்ப உமிழ்வினை, இக்விலிபிரியம் என்பது சமநிலை. ஆங்கில ஒலியில் வந்ததால்தான் புதிதாகத் தோன்றியது. அதனால் முந்தின இரவே அந்தப் பாடத்திலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, எதிரே தமிழ்ச் சொல்லை எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். வகுப்பில் அந்தச் சொல் வரும்போது திடுக்கிடல் இருக்காது.

வரையறைகளுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி ஆகாது. லீ சாட்லியர் தத்துவத்தை அம்புக்குறியில் எழுதினால் தேர்வில் ஒரு சொல் மாறிவிடும். அதற்கு 'டெஃப்' என்று போட்டு மூன்று வரி காலியாக விட்டு, புத்தகத்தைப் பார்த்து அன்றைக்கே நிரப்புவேன். இரண்டு நாள் தள்ளிப் போட்டபோது, 'ஸ்லோ!' என்று நானே எழுதியது எதைப் பற்றி என்று எனக்கே விளங்கவில்லை.