இரண்டு பம்புகள், ஒரே கரண்ட்: ஃபால்ட் ட்ரீ கணக்கில் நான் மதிப்பெண் இழந்த இடம்

கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பணியில் இருந்துகொண்டே, வார இறுதிகளில் புதுச்சேரிக்குச் சென்று தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ படித்தேன். மாதிரித் தேர்வில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு ஃபால்ட் ட்ரீ கணக்கு வந்தது. நடக்கக் கூடாத ஒரு நிகழ்வை உச்சியில் எழுதி, அதன் காரணங்களைக் கிளை கிளையாகக் கீழே விரித்துச் செல்லும் படம்தான் ஃபால்ட் ட்ரீ. படத்தைச் சரியாக வரைந்திருந்தும் எனக்கு 6 மதிப்பெண்தான் கிடைத்தது. அந்தப் பிழையைப் பிற மாணவர்களும் செய்வதைப் பின்னர் பலமுறை பார்த்துவிட்டதால், அந்த ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமையாக எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். ஒரு ரியாக்டரில் வெப்பம் உமிழும் வினை நடக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஜாக்கெட் என்ற வெளியுறைக்குக் குளிர்நீர் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். A பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் ஸ்டேண்ட்பையாக இருக்கும் B பம்ப் ஓட வேண்டும். ஒரு பம்ப் ஓடினாலே போதுமான நீர் கிடைத்துவிடும். இரண்டும் மின்சாரத்தில் இயங்குபவை. இ.பி. சப்ளை போனால் டி.ஜி. செட், அதாவது டீசல் ஜெனரேட்டர், ஓட வேண்டும். ஜாக்கெட்டுக்கு முன்னால் ஒரே ஒரு வால்வு இருக்கிறது. ஒரு பேட்ச் முடிவதற்குள் A பம்ப் பழுதாக வாய்ப்பு 0.02, B பம்ப் கூப்பிட்ட நேரத்தில் ஓடாமல் போக 0.05, இ.பி. சப்ளை போக 0.1, டி.ஜி. செட் ஸ்டார்ட் ஆகாமல் போக 0.05, வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொள்ள 0.001. இவை வினாத்தாளில் தரப்பட்ட எண்களே தவிர, எந்தத் தொழிற்சாலையிலும் அளந்தவை அல்ல.

முதலில் மரத்தின் உச்சியில் எதை எழுதுவது என்பதைப் பார்ப்போம். நான் முதன்முதலில் வரைந்து பழகியபோது ‘குளிரூட்டும் அமைப்பில் பழுது’ என்று எழுதினேன். அப்படி எழுதியதும் குழாயில் சிறு கசிவு, தண்ணீரின் சூடு அதிகரித்தல், அளவுமானி தவறாகக் காட்டுதல் என்று எல்லாமே அதன் கீழே வந்து உட்கார்ந்துகொண்டன, மரம் காடாகிவிட்டது. உச்சி நிகழ்வில் என்ன நடந்தது, எந்த நிலையில் நடந்தது என்ற இரண்டும் இருக்க வேண்டும். ‘வினை நடந்துகொண்டிருக்கும்போது ரியாக்டர் ஜாக்கெட்டுக்குக் குளிர்நீர் வரவில்லை’ என்று எழுதினால், ரியாக்டர் காலியாக இருக்கும்போது நீர் நிற்பது தானாகவே வெளியே போய்விடுகிறது.

அடுத்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். ‘நீர் வரவில்லை’ என்பதிலிருந்து ஒரே தாவலில் ‘டி.ஜி. செட்டில் டீசல் இல்லை’ என்பதற்குப் போய்விடக் கூடாது. நடுவில் விடுபட்ட படிகளில்தான் முக்கியமான காரணங்கள் ஒளிந்திருக்கும். ஜாக்கெட்டின் வாயில் நின்றுகொண்டு, தனக்கு நேர் முன்னால் உள்ள எது தவறினால் நீர் வராது என்று கேட்க வேண்டும். வால்வு மூடிக்கொண்டிருக்கலாம், அல்லது வால்வு வரைக்கும் நீரே வராமல் இருக்கலாம். இவற்றில் ஒன்று மட்டும் நடந்தாலே மேலே எழுதியது நடந்துவிடுகிறது; ஆகவே இங்கே காரணங்களை இணைக்கும் குறி ஆர் கேட். வால்வு வரைக்கும் நீர் வராமலிருக்க A பம்பும் நீர் தரக் கூடாது, B பம்பும் நீர் தரக் கூடாது. ஒன்று மட்டும் நின்றால் போதாது. ஆகவே இங்கே ஆண்ட் கேட். தமிழில் யோசித்தால் இது இன்னும் எளிது: வாக்கியத்தில் ‘அல்லது’ வந்தால் ஆர் கேட், ‘-உம் -உம்’ வந்தால் ஆண்ட் கேட். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. அமைப்பு நன்றாக வேலை செய்வதைச் சொல்லும் வாக்கியத்தை வைத்து கேட்டைத் தேர்ந்தெடுத்தால் தலைகீழாகிவிடும். ‘A அல்லது B ஓடினால் போதும்’ என்பது நல்ல நிலையின் வாக்கியம். பழுதின் வாக்கியத்தில் அதுவே ‘A-யும் B-யும் நின்றால்’ என்று மாறுகிறது. என் வகுப்பில் பாதிப் பேர் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

A பம்ப் நீர் தராமலிருக்க அது பழுதாகியிருக்கலாம், அல்லது அதற்குக் கரண்ட் வராமலிருக்கலாம். B பம்புக்கும் அப்படியே. கரண்ட் வராமலிருக்க இ.பி.யும் போக வேண்டும், டி.ஜி. செட்டும் ஸ்டார்ட் ஆகாமலிருக்க வேண்டும். ஒரு கருவி ஓடவில்லை என்றதும் ‘அதுவே கெட்டுவிட்டது’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘அது நல்ல நிலையில் இருந்தும் அதற்கு வர வேண்டியது வரவில்லையா’ என்று கேட்கும் பழக்கத்தை என் ஆசிரியர் வலியுறுத்தினார். அதனால்தான் கரண்ட் என்ற பெட்டி என் மரத்தில் வந்தது. ஆனால் அதை A-யின் கீழ் ஒருமுறையும் B-யின் கீழ் ஒருமுறையுமாக, இரண்டு தனிப் பெட்டிகளாக வரைந்து வைத்தேன்.

பிறகு கணக்கு. ஆண்ட் கேட்டுக்குப் பெருக்க வேண்டும். ஆர் கேட்டுக்கு, எண்கள் மிகச் சிறியவையாக இருந்தால் கூட்டிவிடலாம். கரண்ட் போக 0.1 × 0.05 = 0.005. A பம்ப் நீர் தராமலிருக்க 0.02 + 0.005 = 0.025. B பம்புக்கு 0.05 + 0.005 = 0.055. இரண்டையும் பெருக்கினால் 0.001375. வால்வின் 0.001 சேர்த்து 0.002375 என்று விடை எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டுவிட்டு வந்தேன்.

விடைத்தாள் திரும்பி வந்த வாரம், எங்கள் தொழிற்சாலையின் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் கேட் குறியீடுகளைப் படித்தவர் அல்லர். எண்களையும் அவர் பார்க்கவில்லை. இரண்டு கரண்ட் பெட்டிகள் மீதும் விரலை வைத்து, “தம்பி, ரெண்டு பம்புக்கும் ஃபீடர் ஒரே பேனல்லேர்ந்துதானே போகுது? இங்க போனா அங்க மட்டும் இருக்குமா?” என்று கேட்டார். “இருக்காதுண்ணே” என்றேன். சொல்லும்போதே பிழை விளங்கிவிட்டது. இரண்டு நிகழ்வுகளின் வாய்ப்புகளைப் பெருக்கலாம் என்பதற்கு, ஒன்று நடப்பது மற்றொன்றைப் பாதிக்காது என்பதே அடிப்படை. நானோ ஒரே மின்தடையைத் தனித்தனியாக நடக்கும் இரண்டு மின்தடைகளாக எண்ணிப் பெருக்கியிருந்தேன்.

ஆகவே எண்களைப் போடுவதற்கு முன் எழுத்துகளால் மரத்தைச் சுருக்க வேண்டும். உச்சி நிகழ்வை T, வால்வு சிக்கிக்கொள்வதை V, A பம்ப் பழுதாவதை A, B பம்ப் ஓடாமல் போவதை B, கரண்ட் போவதை E, இ.பி. போவதை G, டி.ஜி. ஸ்டார்ட் ஆகாததை D என்றும், + குறியை ‘அல்லது’ என்றும், எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதை ‘-உம் -உம்’ என்றும் வைத்துக்கொண்டால்:

```
T = V + (A + E)(B + E)
  = V + AB + AE + EB + EE
  = V + AB + E
  = V + AB + GD
```

மூன்றாம் வரியில்தான் விஷயம் இருக்கிறது. EE என்பது E-யின் வர்க்கம் அன்று. ‘கரண்ட் போனது, மேலும் கரண்ட் போனது’ என்றால் கரண்ட் போனது என்றுதான் பொருள், ஆகவே அது வெறும் E. கரண்ட் போனதே போதும் என்றான பிறகு ‘A பம்பும் பழுது, கரண்டும் போனது’ என்ற AE-யைத் தனியாக எழுதத் தேவையில்லை. அது E-க்குள் அடங்கிவிடுகிறது. EB-யும் அவ்வாறே. எஞ்சி நிற்கும் V, AB, GD ஆகிய மூன்றும்தான் மினிமல் கட் செட்டுகள். அதாவது, ஒரு நிகழ்வைக்கூடக் குறைக்க முடியாதபடி உச்சி நிகழ்வை உண்டாக்கப் போதுமான சேர்க்கைகள். இப்போது எண்களைப் போட்டால் 0.001 + 0.001 + 0.005 = 0.007. நான் எழுதியது இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாதுகாப்புக் கணக்கில் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பிழை, கூட்டிக் காட்டும் பிழையைவிட மோசமானது என்பதால் ஆசிரியர் அங்கே தாட்சண்யம் காட்டவில்லை; அது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தவறான விடை எண்ணோடு நிற்பதில்லை. தவறான செலவுக்கும் அது வழிகாட்டும். வினாவின் கடைசிப் பகுதி ஒரு மேம்பாட்டைப் பரிந்துரைக்கச் சொல்லியிருந்தது. நான் B-யைப் போலவே மூன்றாவதாக ஒரு மின்பம்ப் வைக்கலாம் என்று எழுதினேன். என் பிழையான முறையில் 0.001375-ஐ மீண்டும் 0.055-ஆல் பெருக்க, பம்புகளின் பங்கு 0.00008-க்கும் கீழே இறங்கி, ஆபத்தே மறைந்துவிட்டது போலத் தெரிந்தது. உண்மையில் மூன்றாவது பம்பும் அதே பேனலில்தான் தொங்கும். AB என்ற 0.001 மட்டும் 0.00005 ஆகும், GD என்ற 0.005 அசையாது. மொத்தம் 0.007-லிருந்து ஏறக்குறைய 0.006-க்கு வரும், அவ்வளவுதான். மாறாக, B பம்பையே சொந்த டீசல் எஞ்சினில் ஓடும் பம்பாக மாற்றி, அதற்கும் அதே 0.05 என்று வைத்துக்கொண்டால், அதன் கீழிருந்த E போய்விடுகிறது. அப்போது (A + E)B = 0.025 × 0.05 = 0.00125, வால்வோடு சேர்த்து 0.00225. கூடுதலாக ஒரு பம்ப் வாங்காமலே ஆபத்து மூன்றில் ஒரு பங்காகிறது. ஆனால் அந்த எஞ்சினுக்கும் டி.ஜி. செட்டுக்கும் ஒரே டீசல் டாங்க் என்றால், பழைய E வேறு பெயரில் மரத்துக்குள் திரும்பி வந்துவிடும்; அதையும் வரைந்தாக வேண்டும்.

GD என்ற பெருக்கலையும் கடலூர்க்காரர்கள் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க முடியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் G-யின் மதிப்பு 0.1 அன்று, 1; டி.ஜி. செட் மாறாமல் 0.05-லேயே இருந்தாலும் E பத்து மடங்காகி 0.05 ஆகிவிடும். டி.ஜி. ஷெட்டின் கூரை பறந்தாலோ மழைநீர் உள்ளே வந்தாலோ அந்த 0.05-உம் நிற்காது. ஒரே புயல் இரண்டையும் கெடுக்கும் நிலையில், மரத்தில் ‘புயல்’ என்பதைத் தனியொரு அடிப்படை நிகழ்வாக வைக்க வேண்டும். இல்லையேல் புயல் எச்சரிக்கை வந்தால் பேட்ச் தொடங்கப்படாது என்ற நிபந்தனையை உச்சி நிகழ்விலேயே எழுதிவிட வேண்டும்.

இறுதித் தேர்வில் வேறு எண்களோடு இதே வகைக் கணக்கு வந்தது. இம்முறை, ஒரே நிகழ்வு மரத்தில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரே எழுத்தைப் போட்டேன். கரண்டின் கிளையை ஓரிடத்தில் மட்டும் விரித்து வரைந்து, மற்ற இடத்தில் முக்கோணக் குறியிட்டு அந்தக் கிளையைச் சுட்டினேன். சுருக்கம் முடியும்வரை ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. விடைக்கு மேலே ‘இ.பி.யும் டி.ஜி. செட்டும் ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் எனக் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தேன். படத்துக்கும் சுருக்கத்துக்கும் இருபது நிமிடம் ஆனது. கூட்டல் பெருக்கலுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.