"அழவே மாட்டான் மிஸ்ஸி, சமத்துப் பையன்"

பினாங்கில் மகப்பேறு வார்டில் நர்ஸாக இருந்தபோது, பிறவியிலேயே தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்து, ரிசல்ட் சரியில்லாத குழந்தைகளின் வீட்டுக்குப் போன் செய்வதும் என் வேலையாக இருந்தது. அதில் ஒரு பையனை மறக்க முடியவில்லை.

அவனுடைய டி.எஸ்.எச். 112. எங்கள் கணக்கில் 20-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 60-ஐத் தாண்டினால் அன்றைக்கே கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் அதே ரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் எவ்வளவு என்று பார்ப்போம். தைராய்டு சுரப்பி வேலை செய்யாதபோது, அதை விரட்டி வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்புவதுதான் டி.எஸ்.எச். எண் ஏற ஏற, தைராய்டு பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். பிறந்ததுமே எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். ஒரு துள்ளு துள்ளி முதல் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் குதிகாலில் குத்தி எடுத்தால் நல்ல குழந்தையும் நோயாளி மாதிரித் தெரியும். கொடியை வெட்டியவுடன் அதிலிருந்தே எடுத்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

ரிசல்ட் வந்தபோது பையனுக்கு நாலு நாள். பதிவில் இருந்த நம்பர் அடிக்கவே இல்லை. பையனின் அம்மா பத்தியத்துக்குத் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார், வீட்டு முகவரியோ பட்டர்வொர்த்தில் கணவருடையது. இந்த வேலையில் நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், லேபில் இல்லை. ஒருவழியாகக் கணவரின் தம்பியைப் பிடித்து, அவர் மூலம் பாட்டியிடம் பேசினேன். "பையனுக்கு ஒன்றுமே இல்லையே, அழவே மாட்டான் மிஸ்ஸி, சமத்துப் பையன், பால் குடிக்கவே எழுப்ப வேண்டியிருக்கு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதிகம் தூங்குவது, பால் சரியாகக் குடிக்காதது, அழுகை கம்மியாக இருப்பது, மஞ்சள் காமாலை இறங்காமல் இழுப்பது, மலச்சிக்கல், எல்லாமே இந்தக் குறைபாட்டின் ஆரம்ப அறிகுறிகள். ஆனால் பாட்டியைக் குறை சொல்ல முடியாது, பெரும்பாலான குழந்தைகளிடம் பிறக்கும்போது இதுகூடத் தெரியாது. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் தைராக்சின் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாக வந்து காப்பாற்றியிருக்கும். பிறந்த பிறகு அது இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும், அதன் பிறகு குழந்தைக்குச் சொந்தமாக எதுவும் இல்லை.

மறுநாள் கொண்டு வந்தார்கள். ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்திலும் டி.எஸ்.எச். 100-க்கு மேல், ரத்தத்தில் தனியாக உலவும் தைராக்சினான ஃப்ரீ டி4 மிகக் குறைவு. அன்றைக்கே மருந்து ஆரம்பித்தோம். தைராக்சினையே மாத்திரையாகச் செய்த லீவோதைராக்சின், கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். பையன் 3.2 கிலோ, டாக்டர் 37.5 எழுதினார், அதாவது 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை. அம்மா அழுதுகொண்டே, "ஒரு மாதம் கழித்துப் பத்தியம் முடிந்து கொடுத்தால் என்ன, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மாத்திரையா" என்று கேட்டார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: முதல் இரண்டு மூன்று வருடத்தில் மூளை நரம்புகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே உறை போர்த்திக்கொள்ளும். அதற்கு இந்த ஹார்மோன் வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் உடம்பு வளர்ச்சி ஓரளவு பிடித்துக்கொள்ளும், விட்டுப்போன மூளை வேலை திரும்ப வராது. இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று நாங்கள் ஓடுவது அதனால்தான்.

இரண்டு வாரம் கழித்து வந்த ரத்தம் என்னைத் திகைக்க வைத்தது. ஃப்ரீ டி4 ஏறியிருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. டோஸைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசித்தார். எப்படிக் கொடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். மாத்திரையைப் பொடி செய்து பால் புட்டி முழுவதிலும் கலந்திருக்கிறார், பையன் பாதியில் தூங்கிவிடுவானாம். மிச்சப் பாலோடு மருந்தும் சிங்கில் போயிருக்கிறது! ஒரு ஸ்பூனில் பொடி செய்து, சில துளி தாய்ப்பாலோடு நேராக வாயில் கொடுக்கச் சொன்னேன். அப்புறம், சோயா பால், இரும்பு, கால்சியம் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன், அவை மருந்தை உடம்புக்குள் சரியாகப் போகவிடாது.

டோஸ் மாறவில்லை. அடுத்த முறை ஃப்ரீ டி4 சரியான இடத்தில் இருந்தது, டி.எஸ்.எச். இறங்கியிருந்தது. பாட்டிதான் கோபமாக வந்தார். "இந்த மருந்து ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியெல்லாம் கத்துகிறான் மிஸ்ஸி, பசி தாங்க மாட்டேங்கிறான், நாங்க யாரும் தூங்கவே இல்லை" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.