கடைசல் மிஷினுக்கு டிசி மோட்டர்: ஆர்மேச்சர் வோல்ட்டைக் குறைப்பதா, பீல்டைக் குறைப்பதா?

கிளிநொச்சிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மரக் கடைசல் மிஷினுக்குப் பழைய டிசி மோட்டர் பூட்டிய வேலை இது. அங்கே கடைவது பெரும்பாலும் முதிரையும் தேக்கும். கட்டில் கால் போன்ற தடித்த கட்டையை முதலில் உருட்டி எடுக்கும்போது வேகம் குறைவாகவும் இழுவை கூடவும் வேண்டும். கட்டை மெலிந்து உருண்டு வந்தபின் வேகம் வேண்டும், இழுவை அவ்வளவு தேவைப்படாது.

மோட்டரின் தகட்டில் இருப்பது: 1.1 கிலோவாட், ஆர்மேச்சர் 180 வோல்ட், 7.5 ஆம்பியர், பீல்ட் 200 வோல்ட், வேகம் நிமிடத்துக்கு 1500/2500 சுற்று. கடைசி எண்ணை விட்டுவிடக் கூடாது. 1500 என்பது முழு பீல்டில் முழு லோடோடு ஓடும் வேகம். 2500 என்பது பீல்டைக் குறைத்து ஏற்றக்கூடிய எல்லை. தகட்டில் ஒரே ஒரு வேகம் மட்டும் இருந்தால் பீல்டைத் தொடாமல் விடுவதுதான் நல்லது. கொமியூட்டேட்டரும் ஆர்மேச்சர் கட்டும் எந்த வேகத்தைத் தாங்கும் என்பதை வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆர்மேச்சருக்கு 230 வோல்ட் மெயினில் ஓடும் தைரிஸ்டர் பலகை ஒன்று. 0 முதல் 180 வோல்ட் வரை கொடுக்கும், முனை வோல்ட்டைத் தானே பார்த்துச் சரிசெய்யும். பீல்டுக்குத் தனியாக ஒரு டயோட் பிரிட்ஜ். 230 வோல்ட்டை நேராக்கினால் சராசரி 207 வோல்ட் வரும், அது பீல்டுக்கு அளவாகப் போதும்.

முதல் அளவுகள்

ஆர்மேச்சர் தடையை மல்ரிமீற்றரின் ஓம் பக்கத்தில் பார்த்தால் பிரஷ் தொடுகையால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். பீல்டை அணைத்து, தண்டைப் பிடித்துக்கொண்டு, 12 வோல்ட் பற்றரியையும் கார் முன்விளக்குப் பல்பு ஒன்றையும் தொடராகப் போட்டு 3 ஆம்பியர் அளவில் ஓடவிட்டு, முனையில் வரும் வோல்ட்டை கரண்டால் வகுக்க வேண்டும். தண்டை ஐந்தாறு இடத்தில் திருப்பிச் சராசரி எடுத்ததில் 2.0 ஓம் வந்தது.

பீல்ட் சுருள் குளிரில் 430 ஓம், சூடேறியபின் 500 ஓம். மோட்டரைப் போட்டவுடன் 0.48 ஆம்பியர் ஓடும் பீல்ட், நன்றாகச் சூடானதும் 0.41க்கு இறங்கிவிடும். எதையும் தொடாமலே வேகம் மெதுவாகக் கொஞ்சம் ஏறினால் காரணம் இதுதான், பலகையில் பிழை தேட வேண்டாம். எல்லா அளவையும் சூடான பிறகே எடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்குகிறது:

```
n = 1000 × (V − I × R) / k
```

n நிமிடத்துக்கான சுற்று, V ஆர்மேச்சர் வோல்ட், I ஆர்மேச்சர் கரண்ட், R ஆர்மேச்சர் தடை. k என்பது 1000 சுற்றுக்கு மோட்டர் உள்ளே உண்டாக்கும் எதிர் வோல்ட். முழு பீல்டில் 180 வோல்ட், 7.5 ஆம்பியர், 1500 சுற்று. அதாவது 165 வோல்ட்டுக்கு 1500. k = 110. லோடு இல்லாமல் 0.7 ஆம்பியர்தான் இழுக்கும், வேகம் 1620க்குப் போகும்.

ஆர்மேச்சர் வோல்ட்டால் மட்டும் ஓட்டினால்

பலகையின் குமிழைத் திருப்பினால் 0 முதல் 1500 வரை வழுக்கிக்கொண்டு போகிறது. லோடு இல்லாமல் பார்ப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றுதான் தோன்றும். உளி மரத்தில் இறங்கியதும் கதை வேறு.

லோடு ஏறி கரண்ட் 0.7இலிருந்து 7.5க்குப் போனால் ஆர்மேச்சரின் 2 ஓமில் 13.6 வோல்ட் கூடுதலாக விழும். அது ஏறக்குறைய 124 சுற்றுக்குச் சமம். எந்த வேகத்தில் வைத்திருந்தாலும் விழுவது அதே 124தான். 1620இல் 124 போனால் நூற்றுக்கு 8 கூட இல்லை. 500இல் வைத்துக் கடையும்போது 124 போனால் மீதி 376. காலில் ஒன்று போய்விட்டது. உளி பிடிக்கும்போது கட்டை தயங்கி, விட்டவுடன் பாய்கிறது; மேற்பரப்பில் அலை விழுகிறது.

இதோடு சூடும் சேரும். மோட்டருக்குள் இருக்கும் விசிறி அதே தண்டில்தான். 400 சுற்றில் அது பேருக்குத்தான் சுற்றும், ஆர்மேச்சரிலோ 7.5 ஆம்பியரில் 112 வாட் எரிகிறது. பலகை கொடுப்பது மேடு பள்ளமான டிசி என்பதால் உண்மைச் சூடு சராசரி மீற்றர் காட்டும் கரண்ட்டுக்கு உரியதைவிடக் கூடவே இருக்கும். சோளகக் காலத்தில் பட்டறைக்குள் புழுதியும் மரத்தூளும் சேர்ந்து காற்றுத் துளையை அடைத்துவிட்டால் வாசத்திலேயே தெரியும்.

பலகையில் லோடுக்கு ஏற்ப வோல்ட்டைத் தானாகக் கொஞ்சம் ஏற்றிக்கொடுக்கும் திருகு ஒன்று உண்டு. மேலே சொன்ன அளவுகள் அதைப் பூச்சியத்தில் வைத்து எடுத்தவை. அதைத் திருப்பினால் விழும் சுற்றுக் குறையும், அளவு மிஞ்சினால் மோட்டர் ஊசலாடத் தொடங்கும். ஊசலாட்டம் வரும் இடத்திலிருந்து பாதியளவு பின்னுக்கு வைப்பதே பத்திரம். சூட்டுக்கு அது ஒன்றும் செய்யாது.

கப்பியில் கிடைத்த தீர்வு

இங்கேதான் பலர் கையை வைப்பதில்லை. மோட்டருக்கும் கட்டையைச் சுற்றும் மிஷின் தண்டுக்கும் 1:1 கப்பி இருந்ததை மாற்றி, மோட்டர் இரண்டு சுற்றுக்குத் தண்டு ஒன்று சுற்றும்படி செய்து பார்த்தால் கணக்கு இப்படிப் போகிறது. தண்டில் அதே 500 சுற்று, அதே 7 நியூட்டன் மீற்றர் இழுவை. மோட்டர் இப்போது 1000இல் ஓடுகிறது, பாதி இழுவை கொடுத்தால் போதும், 4.1 ஆம்பியர் எடுக்கும். மோட்டரில் விழுவது 62 சுற்று, தண்டுக்கு வரும்போது 31. 124 விழுந்த இடத்தில் 31, நாலில் ஒன்று. ஆர்மேச்சரில் எரிவது 112 வாட்டுக்குப் பதில் 34. விசிறியும் இரட்டிப்பு வேகத்தில்.

ஆனால் 1500க்குத் தண்டில் 750தான் கிடைக்கும். மெலிந்த கட்டைக்கு அது காணாது. பீல்டைக் குறைக்கும் தேவை வருவது இந்த இடத்தில்தான்.

பீல்டைக் குறைத்தபோது

ஆர்மேச்சர் 180 வோல்ட்டில் நிற்க, லோடு இல்லாமல் கிடைத்தவை:

```
பீல்ட் A    k      சுற்று
0.41       110    1620
0.30        98    1820
0.25        88    2020
0.20        75    2370
```

பீல்ட் கரண்ட்டைக் காலில் ஒன்றுக்கு மேல் குறைத்தும் k விழுந்தது நூற்றுக்கு 11 மட்டும். இரும்பு ஏற்கெனவே நிறைந்து கிடப்பதால் முதல் பகுதியில் வேகம் சோம்பலாக ஏறும். 0.25க்குக் கீழே ஒவ்வொரு சிறு குறைப்புக்கும் பாய்ச்சலாக ஏறும். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று குமிழை வேகமாகத் திருப்பினால் ஆபத்து அங்கேதான்.

மாலையில் லைன் 205 வோல்ட்டுக்கு இறங்கும்போது தைரிஸ்டர் பலகை ஆர்மேச்சரை 180க்குப் பிடித்து வைக்கத் தடுமாறும். அதே நேரம் பீல்டும் குறைவதால் வேகம் அவ்வளவாக விழாது. முழு பீல்டில் இது பெரிதாகத் தெரியாது, குறைந்த பீல்டில் மாலை வேகம் பகல் வேகம் மாதிரி இருக்காது.

லோடு ஏறினால் விழும் வேகம் இந்தப் பக்கத்தில் விகிதமாகப் போகிறது. 0.20இல் 7.5 ஆம்பியருக்கு 2370 இறங்கி 2200 ஆகும், அதுவும் நூற்றுக்கு 8க்குள்தான். விலை இழுவையில்: 7 நியூட்டன் மீற்றர் 4.8 ஆகிவிடும். அதே 7ஐக் கேட்டால் கரண்ட் 11 ஆம்பியரைத் தாண்டும். மெலிந்த கட்டைக்கு இது பொருந்தும். தடித்த கட்டையைக் குறைந்த பீல்டில் கடையப் பார்ப்பதுதான் மோட்டர் எரிவதற்குக் குறுக்குவழி.

0.20க்குக் கீழே போகாததற்குக் காரணம் வேக எல்லை மட்டுமில்லை. பீல்ட் மெலிந்தால் ஆர்மேச்சரின் காந்தம் அதை இழுத்து வளைக்கத் தொடங்கும். உளி ஆழமாக இறங்கும்போது பிரஷின் பின் விளிம்பில் நீலப் பொறி தெரியும். அதற்கு மேல் லோடு ஏற வேகமும் ஏறும், மோட்டர் ஊசலாடும். பலகையின் ஈடுசெய்யும் திருகு கூட வைத்திருந்தால் இது முன்கூட்டியே வரும்.

பீல்ட் சுற்றைப் பூட்டிய விதம்

180, 150, 220 ஓம் வயர்சுற்றுத் தடைகள் மூன்றும் பீல்டோடு தொடராக, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சுவிச். சுவிச் மூடினால் அந்தத் தடை குறுக்கப்படும். சுழல் சுவிச் போட்டு ஒரு தடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், மாறும் கணத்தில் பீல்ட் திறந்துவிடும். இந்த அமைப்பில் எந்தச் சுவிச் பழுதானாலும் பீல்ட் அறாது. 180 ஓம் தனியாக நிற்கும்போது, பீல்ட் குளிராக இருந்தால், 20 வாட்டுக்கு மேல் எரியும். ஆகவே அது 50 வாட், மற்றவை 25 வாட். பீல்டை நிறுத்தும் சுவிச் பிரிட்ஜுக்கு முன், ஏசி பக்கத்தில். டிசி பக்கத்தில் வெட்டினால் சுருள் தன் சேமிப்பைப் பொறியாகக் கொட்டும். ஏசியை வெட்டினால் பிரிட்ஜின் டயோட்களே கரண்ட்டைச் சுற்றவிட்டு அமைதியாக அடக்கும்.

பீல்ட் கம்பி அறுந்தால் என்ன நடக்கும் என்பது லோடைப் பொறுத்தது. கட்டை ஏறியிருந்தால் கரண்ட் எகிறிப் பியூஸ் போகும். வெறும் ஓட்டத்தில் மிச்சக் காந்தத்தில் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் சிதறும். அதற்காக பீல்டோடு தொடராக 3 ஆம்பியர் சிலிக்கன் டயோட் ஏழு போட்டு, அவற்றின் குறுக்கே 5 வோல்ட் றிலேயின் சுருளைக் கட்டியிருக்கிறது. பீல்ட் கரண்ட் 0.20 ஆனாலும் 0.48 ஆனாலும் ஏழு டயோட்டிலும் 5 வோல்ட் அளவில்தான் விழும், றிலே பிடித்து நிற்கும். பீல்ட் அறுந்தால் விட்டுவிடும். றிலேயின் தொடுகை, ஆர்மேச்சர் பலகைக்கு மின் கொடுக்கும் கொன்டாக்டரின் சுருளில். பீல்ட் முனைகளுக்குக் குறுக்கே வோல்ட் பார்க்கும் றிலே இதற்கு உதவாது, கம்பி அறுந்தாலும் வோல்ட் அங்கே இருந்துகொண்டே இருக்கும்.

ஏற்றும் வரிசை: பீல்ட் முழுதாக, பிறகு ஆர்மேச்சர் 180 வரை, அதன் பிறகே தடைகள். இறக்கும்போது முதலில் பீல்டை முழுதாக்க வேண்டும். 2370இல் ஓடும்போது மூன்று சுவிச்சையும் ஒரேயடியாக மூடினால் ஆர்மேச்சர் மீற்றர் 180 தாண்டி 260க்கு ஏறும். பிழையில்லை: முழு பீல்டில் அந்த வேகத்துக்கு எதிர் வோல்ட் அவ்வளவு. பலகை வழியே கரண்ட் திரும்ப முடியாததால் மோட்டர் பிரேக் பிடிக்காமல் சும்மா ஓடி இறங்கும். ஆர்மேச்சர் முனையில் கண்டன்சர் ஏதும் கட்டியிருந்தால் அது 400 வோல்ட்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். இந்த மிஷினில் முன்பு இருந்தது 250 வோல்ட்டுடையது, அது கழற்றப்பட்டுவிட்டது.